உரிமையாளரைச் சந்திக்கும் முன் முகவர் தயாரிக்க வேண்டிய கோப்பு: முதலில் விலைப் பக்கம்

கேள்வி: வீடு விற்பனை முகவராக அண்மையில்தான் தொழிலுக்கு வந்திருக்கிறேன். அடுத்த வாரம் ஒரு வீட்டு உரிமையாளரைச் சந்திக்கிறேன். விற்கும் பொறுப்பை எனக்குத் தருமாறு அவருக்கு ஒரு விளக்கக் கோப்பு காட்ட வேண்டும். விளம்பரத் திட்டம், விலைக்கான ஆதாரம், கமிஷன் மூன்றும் அதில் இருக்க வேண்டும் என்கிறார்கள். அவர் மனத்தில் உள்ள விலை அதிகம் என்று தோன்றுகிறது. வேறு முகவர்களையும் அழைத்திருக்கிறாராம். எதை எப்படிக் காட்டுவது?

பதில்:

மூன்றில் விலைதான் கடினமான பகுதி. அதில் உரிமையாளர் உங்களை நம்பினால் மற்ற இரண்டும் எளிதில் நகரும். விலையில் நம்பிக்கை விழாவிட்டால் எவ்வளவு அழகான விளம்பரத் திட்டமும் எடுபடாது. ஆகையால் கோப்பைத் தயாரிக்கும் நேரத்தில் பெரும்பகுதியை விலைப் பக்கத்துக்கே கொடுங்கள். உங்களைப் பற்றிய அறிமுகத்துக்கு ஒரு பக்கம் போதும். விருதுகள், நிறுவனத்தின் வரலாறு, சிரிக்கும் வாடிக்கையாளர் படங்கள் ஆகியவற்றுக்காக யாரும் முகவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. புரட்டிவிட்டுப் போகிறார்கள்.

சந்திப்புக்கு முன்பே தொலைபேசியில் சில விவரங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் விற்கிறார், எப்போது இடம் மாற வேண்டும், கடன் பாக்கி எவ்வளவு, முடிவெடுப்பதில் வேறு யாருக்குப் பங்கு உண்டு, எந்த விலையை மனத்தில் வைத்திருக்கிறார், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பவை அவை. கடைசிக் கேள்விதான் முக்கியம். உரிமையாளர்களின் விலை பெரும்பாலும் மூன்று வழிகளில் பிறக்கிறது: பக்கத்து வீட்டுக்காரர் விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை, வீட்டில் தான் செலவழித்த தொகையின் கூட்டல், அல்லது அடுத்த வீட்டை வாங்கத் தேவைப்படும் பணம். மூன்றுமே வாங்குபவருக்குச் சம்பந்தம் இல்லாதவை. ஆனால் எது என்று தெரிந்தால்தான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது தெரியும். பக்கத்து வீட்டு விலையை நம்பியிருப்பவரிடம் கடன் கணக்கைக் காட்டிப் பயன் இல்லை.

முடிந்தால் இரண்டு முறை போங்கள். முதல் முறை வீட்டைப் பார்க்க மட்டும். விலையைப் பற்றிப் பேசாதீர்கள். வீட்டுக்குள் கால் வைக்காமல் சொல்லும் எண்ணை எவரும் மதிக்க மாட்டார்கள், மதிக்கவும் கூடாது. ஒரே சந்திப்புதான் என்றால், இத்தனை முதல் இத்தனை வரை என்று ஒரு விலை வீச்சோடு போய், வீட்டைச் சுற்றிப் பார்த்த பிறகு அவர் கண்முன்னே அந்த வீச்சைச் சுருக்குங்கள்.

இனி விலைப் பக்கத்தை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். நாணயத்தை விட்டுவிடுகிறேன். உரிமையாளர் எதிர்பார்ப்பது 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 110 லட்சமோ வேறு எதுவோ, விகிதம்தான் நமக்கு வேண்டும். அவர் வீடு 1500 சதுர அடி, மூன்று படுக்கையறை, பழைய சமையலறை, ஒரு கார் நிறுத்துமிடம், அமைதியான உள்தெரு.

அருகில் கடந்த ஆறு மாதத்தில் விற்று முடிந்த, இதைப் போன்ற மூன்று வீடுகளை எடுக்கிறீர்கள். முதல் வீடு 1600 சதுர அடி, சமையலறை புதிதாக அமைத்தது, 104க்கு விற்றது. இரண்டாவது 1450 சதுர அடி, போக்குவரத்து மிகுந்த சாலையைப் பார்த்தது, 94க்கு விற்றது. மூன்றாவது எல்லா விதத்திலும் நம் வீட்டைப் போன்றது, ஆனால் இரண்டு கார் நிறுத்தலாம், 101க்கு விற்றது. இந்த மூன்று எண்களையும் கூட்டிச் சராசரி எடுப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அது தவறு, ஏனென்றால் மூன்றும் வெவ்வேறு வீடுகள். ஒவ்வொன்றும் நம் வீடாக இருந்திருந்தால் எவ்வளவுக்குப் போயிருக்கும் என்பதுதான் கேள்வி. அதற்காகச் செய்வதே சரிக்கட்டல்.

சரிக்கட்டலில் ஒரு விதியை மறக்கவே கூடாது: மாற்றுவது விற்ற வீட்டின் விலையை, நம் வீட்டை ஒருபோதும் தொடுவதில்லை. விற்ற வீட்டில் நம்மிடம் இல்லாத நல்ல அம்சம் இருந்தால் அதன் விலையிலிருந்து கழியுங்கள். நம்மிடம் இருப்பது அதில் இல்லாவிட்டால் கூட்டுங்கள். அவசரத்தில் இந்தக் கூட்டலும் கழித்தலும் இடம் மாறிவிடும். உரிமையாளர் கணக்கில் கூர்மையானவராக இருந்தால் அங்கேயே உங்கள் கதை முடிந்தது.

எவ்வளவு கழிப்பது, எவ்வளவு கூட்டுவது? பரப்புக்கு நேரடியாகச் சதுர அடி விலையைப் பெருக்கிவிடாதீர்கள். 100 மதிப்புள்ள 1500 சதுர அடி வீட்டில் 100 சதுர அடிக்குச் சராசரியாக 6.7 வருகிறது. ஆனால் அந்தச் சராசரிக்குள் மனையின் விலை, சமையலறை, குளியலறைகள், கூரை எல்லாம் அடங்கியிருக்கின்றன. கூடுதலாக 100 சதுர அடி வந்தால் மனையோ சமையலறையோ இரண்டாவது முறை வந்துவிடுவதில்லை. எனவே கூடுதல் பரப்பின் மதிப்பு சராசரியைவிடக் குறைவாகவே இருக்கும். நம் கணக்கில் 100 சதுர அடிக்கு 4 என்று வைக்கிறோம். புதிய சமையலறைக்கு 3. அதை அமைக்க அந்த வீட்டுக்காரர் 6 செலவழித்திருக்கலாம். சந்தை திருப்பித் தருவது செலவை அல்ல, வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்க முன்வரும் தொகையை. சாலை இரைச்சலுக்கு 5. கூடுதல் கார் நிறுத்துமிடத்துக்கு 2. இந்த எண்களை மேலிருந்து யாரும் தரப்போவதில்லை. ஒரே ஓர் அம்சத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு விற்பனைகளைத் தேடி, அவற்றின் விலை வித்தியாசத்திலிருந்து எடுக்க வேண்டும். அந்தப் பகுதியில் அப்படி ஒரு ஜோடி கிடைப்பது அரிது என்பதால் பழைய விற்பனைகளையும் தோண்ட வேண்டியிருக்கும். எடுத்த இடத்தைக் கோப்பின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி நிச்சயம் வரும்.

கணக்கு இப்படி அமைகிறது. முதல் வீடு 104. பரப்புக்கு 4, சமையலறைக்கு 3 கழித்தால் 97. இரண்டாவது 94; 50 சதுர அடிக்கு 2, சாலைக்கு 5 கூட்டினால் 101. மூன்றாவது 101, கார் நிறுத்துமிடத்துக்கு 2 கழித்தால் 99. வீச்சு 97 முதல் 101 வரை. இங்கேயும் சராசரி வேண்டாம். எதில் குறைவாகக் கை வைத்தோமோ அதற்குத்தான் அதிக எடை. முதல் இரண்டிலும் 7 அளவுக்கு மாற்றியிருக்கிறோம், மூன்றாவதில் 2 மட்டுமே. ஆகவே 99க்கு அருகில்தான் இந்த வீட்டின் மதிப்பு நிற்கிறது. கை வைத்த அளவை அளக்கும்போது கூட்டல் குறிகளையும் கழித்தல் குறிகளையும் ஒன்றோடொன்று அடித்துவிடாதீர்கள். ஒரு வீட்டில் 8 கூட்டி 8 கழித்தால் நிகர மாற்றம் பூஜ்யம். ஆனால் அது நம் வீட்டுக்கு ஒப்பானது என்று சொல்ல முடியுமா?

ஆறு மாதமாக விலை ஏறாமல் இறங்காமல் இருந்தது என்று எடுத்துக்கொண்டதால் காலத்துக்கான சரிக்கட்டல் செய்யவில்லை. சந்தை நகர்ந்துகொண்டிருந்தால் பழைய விற்பனைகளை முதலில் இன்றைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டும்.

இதோடு நிறுத்தினால் உரிமையாளர் கேட்பார்: "அந்த மூன்றாவது வீடு நான்கு மாதம் தேங்கிக் கிடந்தது. அதனால்தான் மலிவாகப் போனது. என் வீடு ஏன் அப்படிப் போக வேண்டும்?" நல்ல கேள்வி. பதிலுக்கு அந்த வீட்டின் முழு வரலாற்றையும் காட்டுங்கள். முதலில் 108 என்று அறிவித்தார்கள். ஆள் வரவில்லை. பிறகு 102 ஆக இறக்கினார்கள். 101க்கு விற்றது. முதல் வீடோ 105 என்று அறிவித்து, 18 நாளில் 104க்கு முடிந்தது. ஆம், தேங்கியதால் மூன்றாவது வீடு சற்றுக் குறைவாகப் போயிருக்கலாம். அதனால்தான் வீச்சின் மேல் எல்லையை 101 வரை விட்டிருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ளுங்கள். அது ஏன் தேங்கியது என்பதற்கு அந்த 108 என்ற எண்ணே சாட்சி. அவர் எழுப்பிய ஆட்சேபம் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

விற்ற விலைக்கும் கேட்ட விலைக்கும் உள்ள விகிதத்தைப் பல முகவர்கள் பெருமையாகக் காட்டுகிறார்கள்: "எங்கள் வீடுகள் கேட்ட விலையில் 99 சதவீதத்துக்குப் போகின்றன." எந்தக் கேட்ட விலை என்பதுதான் சூட்சுமம். மூன்றாவது வீட்டுக்குக் கடைசியாக அறிவித்த 102ஐ வைத்தால் 99 சதவீதம். முதலில் அறிவித்த 108ஐ வைத்தால் 93.5 சதவீதம். அதேபோல் "சந்தையில் இருந்த நாட்கள்" என்ற எண்ணும் ஏமாற்றும். ஒப்பந்தத்தை ரத்துசெய்து மறுநாள் புதிதாகப் பதிவிட்டால் சில இணையதளங்களில் நாள் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. நீங்கள் காட்டும் எண்கள் எப்போதும் முதல் அறிவிப்பிலிருந்து இருக்கட்டும். போட்டிக்கு வந்தவர் வேறுவிதமாகக் காட்டியிருந்தால் உரிமையாளரே அதைக் கண்டுபிடிப்பார். நீங்கள் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

விற்ற வீடுகளுக்குப் பிறகு ஒரு பக்கம் விற்காத வீடுகளுக்கு. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இப்போது விற்பனையில் இருப்பவை நம் வீட்டுக்குப் போட்டியே தவிர மதிப்புக்கு ஆதாரம் ஆகாது. கேட்பதற்கு யாருக்கும் செலவு இல்லை. உதாரணத்தில் 103, 105, 112 என்று மூன்று வீடுகள் விற்பனையில் உள்ளன. 112 என்பது 120இல் தொடங்கி இரண்டு முறை இறங்கி ஐந்து மாதமாக நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் 112ஐப் பார்த்துத்தான் உரிமையாளர் 110 என்கிறார் என்றால் இந்த ஒரு வரியே போதும். இதைவிடக் கூர்மையான ஆதாரம், ஒப்பந்தக் காலம் முடியும்வரை விற்காமல் பட்டியலிலிருந்து விலகிய வீடு. இதே அளவுள்ள ஒரு வீட்டை 113க்குக் கேட்டு ஆறு மாதம் வைத்திருந்து எடுத்துவிட்டார்கள் என்றால், அந்த விலையை இந்தப் பகுதியின் வாங்குபவர்கள் ஏற்கவில்லை என்று சந்தையே எழுதிக் கொடுத்துவிட்டது.

இணையதளங்கள் தானாகக் கணித்துத் தரும் மதிப்பை உரிமையாளர் கைபேசியில் காட்டுவார். அந்தக் கணிப்புக்குப் பழைய சமையலறையோ சாலை இரைச்சலோ தெரியாது என்று சொல்லிவிட்டு நகருங்கள். வங்கியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். வாங்குபவர் கடன் எடுத்தால் வங்கியின் மதிப்பீட்டாளரும் இதே விற்பனைகளைத்தான் பார்ப்பார். யாரோ ஒருவர் ஆசைப்பட்டு 110 தர ஒப்புக்கொண்டாலும், மதிப்பீடு 100 என்று வந்தால் மீதி 10க்கு அவர் கையிலிருந்து பணம் போட வேண்டும். பல விற்பனைகள் இந்த இடத்தில்தான் உடைகின்றன.

எந்த விலையை அறிவிப்பது? ஆதாரம் 97 முதல் 101 வரை என்கிறது. இங்கே தேடுபவரின் பழக்கத்தையும் பாருங்கள். வாங்குபவர்கள் தளங்களில் முழு எண்களில் எல்லை வைத்துத் தேடுகிறார்கள்: ஒருவர் 90 முதல் 100 வரை, இன்னொருவர் 100 முதல் 110 வரை. 102 என்று போட்டால் முதல் கூட்டம் உங்களைப் பார்ப்பதே இல்லை. 99.9 என்று போட்டால் இரண்டாவது கூட்டம் பார்க்காது. சரியாக 100 என்று போட்டால் இரண்டு தேடலிலும் வீடு வரும். ஒன்றைக் குறைத்து மலிவாகக் காட்டும் கடைக்காரத் தந்திரம் வீட்டு விற்பனையில் இப்படிப் பாதி வாடிக்கையாளரை மறைத்துவிடும்.

விளம்பரத் திட்டம் இதற்குப் பிறகுதான் வர வேண்டும். இன்னின்ன தளங்களில் போடுவோம், சமூக ஊடகத்தில் போடுவோம், பலகை வைப்போம் என்று வரிசைப்படுத்தினால் எல்லா முகவர்களின் பக்கமும் ஒன்றுபோல்தான் இருக்கும். அதைத் தேதியிட்ட அட்டவணையாக மாற்றுங்கள். எந்த நாளில் எது நடக்கும், யார் செய்வார், யார் பணம் கொடுப்பார் என்று மூன்று பத்திகள் போதும். அறிவிப்புக்கு இரண்டு வாரம் முன்பு: உரிமைப் பத்திரங்களைச் சரிபார்த்தல், ஒழுகும் குழாய் போன்ற சிறு பழுதுகள், பொருட்களைக் குறைத்தல். ஒரு வாரம் முன்பு: அளவெடுத்து வரைபடம், தொழில்முறைப் புகைப்படம். அறிவிப்பு வார இறுதிக்குச் சற்று முன்பு, வந்து பார்க்க நேரம் ஒதுக்கியிருக்கும்போது. அட்டவணையின் தர்க்கத்தை உரிமையாளருக்கு விளக்குங்கள்: முதல் இரண்டு வாரம்தான் அதிகக் கண்கள் படும் காலம். இந்த வகை வீட்டுக்காகவே காத்திருந்து தளத்தில் அறிவிப்பு கேட்டு வைத்திருப்பவர்கள் எல்லாரும் அந்த நாட்களில்தான் பார்க்கிறார்கள். அதன் பிறகு புதிதாகத் தேட வருபவர்கள் மட்டுமே. அரைகுறைப் படங்களோடு அவசரமாக அறிவித்துவிட்டு, பத்து நாள் கழித்து நல்ல படங்களை மாற்றுவதில் பயன் இல்லை.

வீட்டைத் திறந்துவைத்து யாரும் வந்து பார்க்கலாம் என்று அழைக்கும் நாளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வீட்டை வாங்குபவரைவிட, முகவருக்குப் புதிய வாடிக்கையாளரைத் தேடித் தருவதற்கே அது பெரும்பாலும் உதவுகிறது. செய்வதாக இருந்தால் செய்யுங்கள். அதையே திட்டத்தின் முதுகெலும்பாகக் காட்ட வேண்டாம். "என்னிடம் வாங்குபவர் தயாராக இருக்கிறார்" என்ற வாக்குறுதியும் வேண்டாம். உண்மையாகவே இருந்தால், ஒரே முகவர் இரு தரப்புக்கும் வேலை செய்யும் சிக்கல் அங்கே எழுகிறது; அதை வெளிப்படையாகப் பேசாமல் முன்னகர முடியாது. இல்லாவிட்டால் அது பொய்.

விளம்பரப் பக்கத்தின் கடைசியில், வாரா வாரம் நீங்கள் அனுப்பப்போகும் அறிக்கையின் மாதிரியைச் சேருங்கள். தளத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் நேரில் வந்தார்கள், என்ன சொன்னார்கள், எத்தனை பேர் விலை பேசினார்கள். இந்த நான்கும் நோயின் இடத்தைக் காட்டும். தளத்திலேயே யாரும் திறக்கவில்லை என்றால் முதல் படமோ விலையோ தவறு. திறந்து பார்க்கிறார்கள், நேரில் வரவில்லை என்றால் பெரும்பாலும் விலை. நேரில் வருகிறார்கள், விலை பேசவில்லை என்றால் படத்தில் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது, அல்லது வீட்டின் நிலைக்கு விலை கூடுதல். எந்த அறிகுறிக்கு என்ன செய்வோம் என்று இப்போதே எழுதி ஒப்புக்கொண்டுவிட்டால், மூன்று வாரம் கழித்து விலைக் குறைப்பைப் பற்றிப் பேசும்போது சண்டை வராது.

இப்போது கமிஷன். கடைசிப் பக்கத்தில் சிறு எழுத்தில் ஒளித்துவைக்காதீர்கள். அதற்கென்று தனிப் பக்கம் வையுங்கள். அதில் சதவீதத்தைவிட முக்கியமானது, எல்லாம் போக உரிமையாளர் கையில் நிற்கும் தொகை. நம் உதாரணத்தில் கடன் பாக்கி 40, கமிஷன் 2 சதவீதம் (கணக்குக்காக எடுத்துக்கொண்டது), வழக்கறிஞர், பத்திரம் முதலிய செலவு 1 என்று வைப்போம். 99க்கு விற்றால் 1.98 கமிஷன், 1 செலவு, 40 கடன் போக 56.02 கையில் நிற்கும். 110க்கு விற்க முடிந்தால் 66.8. அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஆசையை இல்லை என்று சொல்வதைவிட, அது நடக்க என்ன நடந்தாக வேண்டும் என்று காட்டுவது மேல். மூன்றாவது வரி: 110இல் தொடங்கி, தேங்கி, நான்கு மாதம் தாமதமாக 96க்கு விற்றால் கமிஷன் 1.92, செலவு 1, கடன் 40 போக 53.08. அந்த நான்கு மாதங்களுக்கு வட்டி, வரி, பராமரிப்பு மாதத்துக்கு 0.3 வீதம் 1.2 கழித்தால் 51.88. முதல் வரிக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் 4க்கு மேல். உங்கள் முழுக் கமிஷனைவிட இரண்டு மடங்கு.

"சீக்கிரம் விற்றுக் கமிஷன் வாங்கத்தானே விலையைக் குறைக்கச் சொல்கிறாய்?" என்ற சந்தேகம் உரிமையாளரின் மனத்தில் எழும், சிலர் சொல்லியே விடுவார்கள். அது அர்த்தமற்ற சந்தேகம் என்று தட்டிக்கழிக்க வேண்டாம், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. விலை 5 குறைந்தால் முகவருக்கு இழப்பு 0.1; உரிமையாளருக்கு 4.9. லெவிட், சைவர்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்றபோது அது சந்தையில் சராசரியாக ஒன்பதரை நாள் கூடுதலாக இருந்து, சுமார் 3.7 சதவீதம் கூடுதல் விலைக்குப் போனது என்று கண்டார்கள். சொந்த வீடு என்றால் முகவரும் சற்றுப் பொறுத்திருக்கிறார். இதை நீங்களே எடுத்துச் சொல்லிவிட்டு, "ஆகையால் என் வார்த்தையை நம்ப வேண்டாம், இந்த மூன்று விற்பனைகளையும் நீங்களே சரிபாருங்கள்" என்று விலைப் பக்கத்தைக் கையில் கொடுங்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது: அந்தக் கூடுதல் விலை கூடுதலாகச் சில நாட்கள் பொறுத்ததில் வந்தது, ஐந்து மாதம் தேங்கியதில் அல்ல.

கமிஷனைக் குறைக்கச் சொன்னால் உடனே இறங்காதீர்கள். தன் பணத்துக்கே உறுதியாகப் பேரம் பேசத் தெரியாதவர் நம் வீட்டுக்கு எப்படிப் பேசுவார் என்ற எண்ணம் எவருக்கும் வரும். குறைப்பதாக இருந்தால் வேலையிலும் ஏதாவது குறையட்டும்: புகைப்படச் செலவை அவர் ஏற்கலாம், வருபவர்களுக்கு வீட்டைக் காட்டுவதை அவரே செய்யலாம். "எல்லாரும் வாங்குவது இதுதான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பல நாடுகளில் முகவர்கள் கூடிக் கட்டணத்தை ஒரே அளவில் வைப்பது சட்டப்படி குற்றம். அந்த வாக்கியம் அந்தச் சந்தேகத்தைக் கிளப்பும். உங்கள் கட்டணம் உங்கள் நிறுவனம் முடிவுசெய்தது, பேசித் தீர்க்கக் கூடியது, அவ்வளவுதான்.

வாங்குபவர் தரப்பிலும் ஒரு முகவர் இருந்து அவருடைய ஊதியம் விற்பவரிடம் கேட்கப்படும் இடங்களில், அந்தத் தொகையை உங்கள் கமிஷனோடு கலக்காமல் தனி வரியில் காட்டுங்கள். அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 17 முதல் முகவர்களின் பொதுப் பட்டியல் தளங்களில் அந்த ஊதியத்தைக் குறிப்பிடுவதே நின்றுவிட்டது. அங்கே விற்பவர் அதைத் தருவதா இல்லையா என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம் ஆகிவிட்டது. வேறு நாட்டில் இருந்தாலும் தனி வரி நல்லது. எதற்கு யாருக்குப் பணம் போகிறது என்று தெரிந்தால் பேரம் நேர்மையாக நடக்கும்.

ஒப்பந்தத்தில் இரண்டு விதிகளை அதே பக்கத்தில் எளிய சொற்களில் எழுதுங்கள். ஒன்று, ஒப்பந்தம் எத்தனை மாதம், திருப்தி இல்லாவிட்டால் எத்தனை நாள் அறிவிப்பில் விலகலாம். இன்னொன்று, ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீங்கள் அழைத்து வந்தவரே வீட்டை வாங்கினால் கமிஷன் உண்டு என்ற விதி. இது நியாயமானதுதான். ஆனால் எத்தனை நாள்வரை, யார் யார் பெயர் என்ற பட்டியலைக் கொடுப்பீர்களா, இடையில் வேறு முகவரிடம் போய்விட்டால் இரட்டைக் கமிஷன் வருமா என்பதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் வழக்கு வரைக்கும் போகும். பல ஒப்பந்தங்களில் வேறு முகவரிடம் கையெழுத்திட்டதும் இந்த விதி செல்லாது என்று இருக்கும். உங்களுடையதில் இருக்கிறதா என்று போகும் முன் படித்துப் பாருங்கள்.

கடைசியாக, போட்டிக்கு வந்த ஒருவர் 115 என்று சொல்லியிருந்தால் என்ன செய்வது? பொறுப்பைக் கைப்பற்றுவதற்காக விலையை ஏற்றிச் சொல்லிவிட்டு, கையெழுத்தான பிறகு வாரா வாரம் இறக்கச் சொல்லும் பழக்கம் இந்தத் தொழிலில் பழையது. ஆனால் அதை அப்படியே உரிமையாளரிடம் சொன்னால் பொறாமையாகத் தெரியும். இப்படிக் கேளுங்கள்: "அந்த 115க்கு அவர் காட்டிய விற்பனைகள் எவை? என் பட்டியலில் இல்லாத ஒன்று இருந்தால் பாருங்கள், என் கணக்கை இப்போதே திருத்துகிறேன்." விற்பனைகளைக் காட்டியிருந்தால் நீங்கள் உண்மையிலேயே திருத்த வேண்டியிருக்கலாம். காட்டவில்லை என்றால் உரிமையாளர் அன்று இரவே அவரிடம் கேட்பார்.

அப்படியும் 110க்குக் கீழே வர மாட்டேன் என்றால் இரண்டு வழிகள் உண்டு. 110இல் தொடங்கி, மூன்று வாரத்தில் எத்தனை பேர் நேரில் வராவிட்டால் எந்த விலைக்கு இறங்குவது என்று தேதியும் எண்ணும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கும் ஒப்பவில்லை என்றால் பொறுப்பை ஏற்காமல் விலகுங்கள். ஆறு மாதம் விளம்பரச் செலவும் உங்கள் பெயர் தாங்கிய பலகையும் விற்காத வீட்டின் முன் நிற்பதால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. விலகினாலும் கோப்பை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். போட்டி முகவர் பார்த்துவிடுவார் என்று சிலர் எடுத்துவந்துவிடுகிறார்கள். பார்க்கட்டும். வேறு யாரோ 110இல் தொடங்கி இரண்டு மாதம் கழித்து உரிமையாளர் திரும்பிப் பார்க்கும்போது, மேசையில் 99 என்று எழுதிய பக்கம் உங்கள் தொலைபேசி எண்ணோடு இருக்க வேண்டும்.